குடிநீர் வரம்பு செடிக்கு வரம்பாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் தோட்டக் கேள்வி-பதில் பகுதியில், பூச்சி தின்னும் செடியான வீனஸ் ஃப்ளைட்ராப் வளர்க்கும் வாசகி ஒருவருக்கு, “பேனா மீட்டரில் 500-க்குள் காட்டினால் அது குடிக்கத் தகுந்த நீர்; எந்தச் செடிக்கும் தாராளமாக ஊற்றலாம்” என்று பதில் தரப்பட்டிருந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன். இதே பகுதியை நம்பி, இதே அளவுள்ள தண்ணீரை ஊற்றி, என் அண்ணன் மகள் தன் செடிகளை ஒரே கோடையில் பறிகொடுத்தாள்.

அந்த மீட்டர் காட்டுவது நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு. லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பு மனிதர் குடிக்கும் நீருக்காக வைத்த வரம்பு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மிகுந்த உப்பை வெளியேற்ற நமக்குச் சிறுநீரகம் இருக்கிறது. வட அமெரிக்காவின் கரோலினா கடலோரச் சதுப்பில், சத்தே இல்லாத மண்ணில், மழைநீரில் நனைந்து வளர்ந்த வீனஸ் ஃப்ளைட்ராப்புக்கோ, நம் ஊர் அழுகண்ணிக்கோ அந்த வசதி கிடையாது. இவற்றுக்கு 50-க்குள் இருக்கும் நீரே நல்லது. 100 வரை போனால், அவ்வப்போது மழைநீரால் மண்ணை அலசிவிட்டுச் சமாளிக்கலாம்.

ஊற்றுகிற நாளில் செடிக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் இதில் உள்ள ஏமாற்று. இந்தச் செடிகளைத் தட்டில் நீர் நிறுத்தி வளர்க்கிறோம். கோடையில் ஒரு தொட்டிக்கு நாளுக்குக் கால் லிட்டர் வற்றுகிறது என்று கொள்வோம். மீட்டர் 300 காட்டும் நீரானால், தண்ணீர் ஆவியாகப் போய் 75 மில்லிகிராம் உப்பு தொட்டியிலேயே தங்கும். ஒரு மாதத்தில் அது இரண்டு கிராமைத் தாண்டிவிடும். முதலில் தொட்டி விளிம்பிலும் பாசியின் மேலும் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். பிறகு இலை நுனிகள் கருகும், புதிதாக வரும் பொறிகள் சிறுத்துப் போகும். சந்தேகம் இருந்தால் தொட்டியின் மேலிருந்து மழைநீரை ஊற்றி, அடியில் வடிவதில் பேனாவை வைத்துப் பார்க்கலாம். 10 காட்டிய நீர் 400 ஆகி வெளியே வந்தால், வேர் எதில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

பேனா மீட்டர் உப்பை எடை போடுவதில்லை என்பதையாவது தங்கள் பகுதி சொல்லியிருக்கலாம். அது நீரின் மின்கடத்துத்திறனை அளந்து, ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. அந்த எண் ஒரு பேனாவில் 0.5, இன்னொன்றில் 0.7. கடத்துத்திறன் 600 உள்ள ஒரே குவளை நீர் ஒன்றில் 300, மற்றொன்றில் 420. கரைந்திருப்பது சுண்ணாம்பா சோடியமா என்றும் அது பிரித்துச் சொல்லாது. கடின நீரை மென்மையாக்கும் கருவி சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தை விடுவதால் மீட்டர் எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும்; செடிக்கோ அது முன்னிலும் கெடுதல். அத்தகைய கருவியின் முழுப்பக்க விளம்பரம் அந்தப் பதிலுக்கு எதிர்ப்பக்கத்திலேயே இருந்தது என் மனத்தை மேலும் வருத்தியது.

முன்பு ஒருமுறை, தண்ணீரை இரவு முழுவதும் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்று எழுதினீர்கள். குளோரின் போகும், உப்பு போகாது. இன்னொரு முறை படிகாரம் போடச் சொன்னீர்கள். கலங்கல் தெளியும், கரைந்தது கரைந்தபடியே இருக்கும். இரண்டு முறையும் எழுதினேன். ஒரு வரியும் வெளிவரவில்லை.

கோவையில் எங்கள் வீட்டுக் கீழ்த்தொட்டியில் சிறுவாணி நீர் விழும் நாளில் மீட்டர் 50-ஐத் தொடாது. முறை தள்ளிப்போய் ஆழ்துளைக் கிணற்று நீரை ஏற்றினால், அதே குழாயில் 600-க்கு மேல் காட்டும். ஆகவே ஒருநாள் அளந்துவிட்டு இதுதான் எங்கள் தண்ணீர் என்று இருந்துவிட முடியாது. ஊற்றும்போதெல்லாம் சுத்தமான குவளையில் பிடித்து, பேனாவைக் கோடுவரை மட்டும் அமிழ்த்தி, குமிழி போகத் தட்டி, எண் நிலைத்த பிறகே படிக்க வேண்டும். ஆர்.ஓ. நீரையும் அளந்தே ஊற்ற வேண்டும், ஏனெனில் பல வீட்டுக் கருவிகள் சுவைக்காகச் சுத்திகரிக்காத நீரையே சிறிது கலந்து விடுகின்றன. 300 காட்டும் குழாய் நீர்தான் இருக்கிறது என்றால், ஒரு பங்குக்கு ஏழு பங்கு மழைநீர் சேர்த்தால் 50-க்குள் வந்துவிடும்.

அடுத்த இதழில் அதே பகுதியில் நான்கு வரித் திருத்தம் ஒன்றை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்ட அந்த வாசகியின் செடி ஒருவேளை இன்னும் உயிரோடு இருக்கலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கோயம்புத்தூர்.