ஒரே குக்கர், ரெண்டு தட்டு

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் உன் மனைவியின் சாப்பாட்டைப் பற்றி நீ சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "அம்மா, எனக்கு ஒன்று அவளுக்கு ஒன்று என்று தினமும் ரெண்டு சமையல் முடியவில்லை, அதனால் நான் சாப்பிடுவதையே அவளும் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்" என்றாய். சுகர் கண்டுபிடித்த இந்த நாலு மாதத்தில் நீ 82 கிலோவிலிருந்து 77-க்கு வந்தது நல்லதுதான். ஆனால் அவள் 46-லிருந்து 44-க்கு இறங்கியதை நீ போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாய். அஞ்சே கால் அடி உயரத்துக்கு அவள் குறைந்தது 47, 48 கிலோவாவது இருக்க வேண்டும்.

இதே தப்பை நானும் பண்ணியிருக்கிறேன். அப்பாவுக்குச் சுகர் என்று தெரிந்ததும் வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன், நெய் வாங்குவதை நிறுத்தினேன், சோற்றைப் பாதியாக்கினேன். அப்போது என் எடை 41. ஆறு மாதத்தில் 38 ஆகிவிட்டது, ரவிக்கையெல்லாம் தோளில் நிற்காமல் சரிந்தது. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிற அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "வீட்டில் யாருக்கும்மா சுகர், அவருக்கா உங்களுக்கா?" என்று கேட்டார். அவரிடம் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

சமையல் ஒன்றே போதும், தட்டில்தான் பிரிக்க வேண்டும். அதைவிட முக்கியம், ரெண்டு பேரும் சாப்பிடும் வரிசை நேர் எதிராக இருக்க வேண்டும். நீ முதலில் காய், அப்புறம் பருப்போ முட்டையோ, கடைசியில் சோறு. காயும் பருப்பும் முன்னால் போய்விட்டால் பின்னால் வரும் சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் குபீரென்று ஏறாது. அவளுக்கு அது ஆகாது. சின்ன வயிறு, ரெண்டு கரண்டி கூட்டும் ஒரு டம்ளர் தண்ணீரும் போனதும் "போதும்" என்பாள். அவள் முதலில் நெய் விட்ட பருப்புச் சோறு சாப்பிடட்டும், காய் அதற்குப் பிறகு, ரசம் கடைசியில். தண்ணீரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான். உட்கார்ந்ததும் அவளுக்கு ரசம் ஊற்றிக் கொடுக்காதே. ரசம் வயிற்றை நிரப்பும், உடம்பில் ஒட்டாது.

ஒரு நாள் ராத்திரிச் சமையலை அப்படியே சொல்கிறேன். அரிசி 150 கிராம், உன் வீட்டு டம்ளரில் முக்காலுக்குக் கொஞ்சம் கூட வரும். வெந்தால் கிட்டத்தட்ட 400 கிராம் சோறு. அதில் உனக்கு 130, 140 கிராம் போதும், மீதி அவளுக்கு. முதல் ஒரு வாரம் தராசில் வைத்து எடை பார். அப்புறம் எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு உயரம் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். துவரம் பருப்பு 100 கிராம் வேகவைத்து, சாம்பாரைக் கெட்டியாக வை. உனக்கு அடியிலிருந்து பருப்பாக அள்ளிப் போட்டுக்கொள்.

புடலங்காய்க் கூட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. அரைக் கிலோ காயும் ஒரு பிடி பாசிப்பருப்பும் வெந்து உப்பு போட்டதும் உன் பங்கை முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடு, பாதிக்கு மேலேயே எடுத்துக்கொள். அதற்கு ஒரு சொட்டு எண்ணெயில் கடுகு தாளித்தால் போதும். சட்டியில் மீதி இருப்பதில் மூணு ஸ்பூன் தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கி, ரெண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் தாளித்துக் கொட்டு. அதே கூட்டுதான், கூடுதல் வேலை அஞ்சு நிமிஷம். அவளுடைய சோற்றில் ரெண்டு ஸ்பூன் நெய், அதுவே 80, 90 கலோரிக்கு வந்துவிடும். அவள் மெல்ல வேண்டியதும் இல்லை, வயிறு அடைப்பதும் இல்லை. சோற்றைக் குவித்து வைத்து "சாப்பிடு, சாப்பிடு" என்று நச்சரிப்பதைவிட இப்படிப் போவதுதான் உடம்பில் தங்கும். முட்டை உனக்கு ஒன்று, அவளுக்கு ரெண்டு.

ராகிக் கஞ்சி சுகருக்கு நல்லது என்று யாரோ சொல்லி நீ தினமும் குடிக்கிறாயாம். அப்பாவும் அப்படித்தான் குடித்தார். நைஸாக அரைத்த மாவைக் கரைத்துக் காய்ச்சிக் குடித்தால் மெல்லும் வேலையே இல்லாமல் உடனே ஜீரணமாகிவிடும். மாவுச்சத்தில் ராகி அரிசியைவிடப் பெரிதாகக் குறைந்ததில்லை. ஒரு நாள் கஞ்சி குடித்து ரெண்டு மணி நேரம் கழித்து அப்பாவுக்கு 240 காட்டியது, இட்லியும் கெட்டிச் சாம்பாரும் சாப்பிட்ட நாளில் 170. உன் உடம்பு எப்படி என்பதை உன் விரல் நுனிதான் சொல்லும். முதல் வாய் வைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு சரியாக ரெண்டு மணி நேரம் கழித்துப் பார். உன் டாக்டர் வேறு அளவு சொல்லாதவரை 180-க்குள் இருந்தால் அந்தச் சாப்பாடு உனக்கு ஒத்துவருகிறது. அந்தக் கஞ்சியைப் பால் விட்டு, வெல்லம் போட்டு அவளுக்குக் கொடு.

இன்னொன்று. நீ காலையில் போடுகிற மாத்திரைகளில் கிளிமிபிரைடு இருக்கிறது என்றாய். அது போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போடவோ, திடீரென்று சோற்றை இன்னும் குறைக்கவோ கூடாது, சுகர் இறங்கிவிடும். குறைக்க நினைத்தால் முதலில் டாக்டரிடம் மாத்திரை அளவைப் பேசு. கை நடுங்கி, வியர்த்து, மெஷினில் 70-க்குக் கீழே காட்டினால் அவளுக்கு வைத்திருக்கும் நெய் லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளாதே. நெய் இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி பார். இது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், சர்க்கரை டப்பா பரண்மேல் இருக்கக் கூடாது.

அவளை வாரம் ஒரு நாள், காலையில் எழுந்ததும் எடை பார்க்கச் சொல். மாதத்துக்கு ஒரு கிலோ ஏறினால் போதும், அவசரமில்லை. ஒரு மாதம் இப்படிச் சாப்பிட்டும் ஏறவில்லை, இல்லை இன்னும் இறங்குகிறது என்றால் சமையலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. தைராய்டும் சுகரும் அவளுக்கும் பார்த்துவிடுங்கள். இருமல், சாயந்திரக் காய்ச்சல் இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரேயும்.

பால் ஒரே பாக்கெட் வாங்கு, கொழுப்பு எடுக்காதது. உன் டீக்கு அதில் கொஞ்சம். அவளுக்கு ராத்திரி படுக்கும்முன் ஒரு டம்ளர், ஒரு வாழைப்பழத்தோடு. சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் வேண்டாம், பசி அடங்கிவிடும்.

வேர்க்கடலை உருண்டை பிடித்து கூரியரில் அனுப்பியிருக்கிறேன். சாயந்திரம் அவளுக்கு ரெண்டு. உனக்கு வெல்லம் போடாமல் வறுத்த கடலை தனிப் பொட்டலத்தில் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஒரு சின்னப் பிடி. டப்பாவில் 40 உருண்டை எண்ணி வைத்திருக்கிறேன். இருபது நாள் கழித்து உனக்கில்லை, அவளுக்குத்தான் போன் பண்ணிக் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா