கண்ணுவுக்கு, உன் மணிக்கூலிக் கணக்கு

வேலந்தாவளம்

அன்புள்ள கண்ணு,

நலம். உன் அம்மாவும் நலம். ரெண்டு நாளாய் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜோராய் அடிக்கிறது, தென்னை ஓலை தினமும் ரெண்டு மூன்று விழுகிறது. வேறு விசேஷம் இல்லை.

போனில் டீம் லீட் பதவி தருகிறார்கள், 15 சதவீதம் கூடக் கிடைக்கும் என்றாய். அம்மா அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். நான் மட்டும் “எத்தனை மணி நேரம் கூடும்?” என்று கேட்டேன். “அதெல்லாம் தெரியாதுப்பா” என்றாய். கஞ்சிக்கோட்டில் மில் டைம் ஆபீஸில் வருஷக் கணக்காய் கார்டு பார்த்தவனுக்கு அந்தப் பதில் போதாது. உன் சம்பளச் சீட்டும் ஆஃபர் லெட்டரும் என்னிடம் இருக்கின்றன. உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

முதலில் லெட்டரில் உள்ளபடி. வாரம் 45 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் அதில் தினமும் ஒரு மணி சாப்பாட்டு நேரம் சேர்த்தி. ஆக வேலை நேரம் நாளுக்கு எட்டு. வருஷத்தில் 260 வேலை நாள், அதில் 10 பண்டிகை விடுமுறை, 18 லீவு போனால் 232 நாள். எட்டால் பெருக்கினால் 1,856 மணி. உன் மொத்தச் சம்பளம் மாதம் 70,000, வருஷத்துக்கு 8,40,000. வகுத்தால் மணிக்கு சுமார் 453 ரூபாய். கம்பெனி உன்னை வாங்கிய விலை இது.

சி.டி.சி. என்று பெரிய எண் ஒன்று போட்டிருக்கிறார்களே, அதை நான் எடுக்கவில்லை. அதில் கிராஜுவிட்டி, வேரியபிள் எல்லாம் கலந்திருக்கிறது. கைக்கு வந்த பிறகு அதைச் சேர்த்துக்கொள்ளலாம். பிடித்தம் போக வரும் தொகையை வைத்தும் போடலாம், தப்பில்லை. எதை எடுத்தாலும் ரெண்டு பக்கமும் அதையே எடுக்கணும், அவ்வளவுதான்.

இனி நடப்பு. காலை 9.30க்கு உட்கார்ந்து இரவு 7.30க்கு எழுகிறாய், சாப்பாட்டுக்கு முக்கால் மணி. அது 9.25 மணி. வாரம் நாலு ராத்திரி 9.30 முதல் 11 வரை அமெரிக்காக்காரர்களோடு கால். அதை ஐந்து நாளுக்குப் பரப்பினால் நாளுக்கு 1.2 மணி. ஆக மொத்தம் பத்தரை மணி என்று வைத்துக்கொள். போன வருஷம் 18 நாள் லீவில் ஏழுதான் எடுத்தாய், அதனால் வேலை நாள் 243. மாதம் ரெண்டு சனிக்கிழமை அரை நாள் வேறு, அது வருஷத்துக்கு நூறு மணிக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாம் சேர்த்தால் 2,650 மணி. 8,40,000-ஐ இதால் வகுத்துப் பார். மணிக்கு 317 ரூபாய். நூற்றுக்கு முப்பது போய்விட்டது. அதிகப்படி வேலை மட்டும் 794 மணி, எட்டு மணி நாளாக மாற்றினால் 99 நாள். நாலரை மாதத்துக்கு மேல் வேலை, கண்ணு.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 317 என்பது சராசரி. முதல் 1,856 மணிக்கே உன் சம்பளம் முழுதும் வந்துவிட்டது. அதற்கு மேல் பார்த்த ஒவ்வொரு மணிக்கும் அந்த மாதம் நீ வாங்கியது பூஜ்யம். எங்கள் மில்லில் தலைகீழ். அப்போதிருந்த 1948 ஃபாக்டரீஸ் சட்டப்படி நாளுக்கு ஒன்பது மணியோ வாரத்துக்கு 48 மணியோ தாண்டினால் ஓ.டி., அதற்கு ரெண்டு மடங்கு கூலி கொடுக்கணும் என்று இருந்தது. முதலாளிக்கு அந்தக் கடைசி மணிதான் ரொம்ப விலை கூடியது, அதனால் யோசித்துத்தான் நிறுத்திவைப்பார். உன் மேனேஜருக்கு உன் கடைசி மணி இனாம். இனாமாய்க் கிடைப்பதை யார் அளந்து செலவழிப்பார்கள்? நம் தென்னை ஏறுபவர் மரத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். “இன்னும் ரெண்டு மரம் சேர்த்துப் பறித்துவிடு” என்று அவரிடம் சும்மா சொல்ல யாருக்கும் வாய் வராது.

மில்லில் சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு ஓ.டி. கிடையாது. ரிங் ஃப்ரேமில் ஒரு ஃபிட்டர், கெட்டிக்காரர், பதவி உயர்வு கொடுத்தார்கள். நல்ல ஓ.டி. பார்க்கிற ஆள். புதுச் சம்பளத்தையும் பழைய ஓ.டி. சேர்ந்த சம்பளத்தையும் என் மேஜையில் வைத்தே கூட்டிப் பார்த்துவிட்டு, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மரியாதை போச்சே என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

உன் கதைக்கு வருவோம். 15 சதவீதம் கூடினால் வருஷத்துக்கு 9,66,000. லீட் ஆனால் ஆள் எடுக்கும் இன்டர்வியூ, மற்றவர்கள் வேலையைச் சரிபார்ப்பது, எல்லாக் காலிலும் உட்காருவது என்று வருஷத்துக்கு 400 மணி கூடும் என்று வைத்துக்கொள். நாளுக்கு ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மொத்தம் 3,050 மணி. வகுத்தால் என்ன வருகிறது தெரியுமா? அதே 317. நேரமும் அதே 15 சதவீதம் கூடினால் உயர்வு அங்கேயே கரைந்துவிடும். அதற்கு மேல் கூடினால் பதவி உயர்ந்து கூலி குறையும்.

அதே உயர்வு, ஆனால் ராத்திரி கால் உனக்கு இல்லை என்றால்? வருஷத்துக்கு ஏறக்குறைய 290 மணி மிச்சம். அப்போது 2,760 மணி, மணிக்கு 350 ரூபாய். அதனால் 15-ஐ 18 ஆக்கச் சொல்லிக் கெஞ்சுவதைவிட அந்த ராத்திரி கால் பொறுப்பை வேறு ஒருவருக்கு மாற்றிவிடச் சொல். அவர்களுக்கும் காசு செலவில்லை.

இதில் என் கணக்கு எங்கே தப்பலாம் என்றால், மணிகளில்தான். நீ சொன்னதை வைத்துப் போட்டேன். களைத்த வாரம்தான் ஞாபகத்தில் நிற்கும், ரிலீஸ் வாரத்தை 52-ஆல் பெருக்கினால் பொய் கணக்கு வரும். அதனால் நாலு வாரம் எழுதி வை, அதில் ஒரு ரிலீஸ் வாரமும் ஒரு சாதாரண வாரமும் இருக்கட்டும். லேப்டாப்பைத் திறந்த நேரம், கடைசி மெசேஜ் போன நேரம், காலெண்டரில் உள்ள கால், இவற்றிலிருந்து எடு. டீக்குடித்த பத்து நிமிஷத்தைக் கழிக்காதே, லெட்டர் கணக்கில் அதைக் கழிக்கவில்லையே. மேஜையிலேயே சாப்பிட்டுக்கொண்டு மெயில் பார்த்தால் அது வேலை நேரம். ஓணத்துக்கு இங்கே வந்து திண்ணையில் லேப்டாப்பை விரித்து ரெண்டு மணி உட்கார்ந்தாயே, அதுவும்தான். பஸ்ஸில் போகும் நேரத்தைத் தனியாக எழுது. ரெண்டு கணக்கிலும் அது ஒன்றுதான், ஆனால் வேறு கம்பெனி பார்க்கும்போது தேவைப்படும். எடுக்காத லீவுக்குக் காசு தருவார்களா என்றும் கேள். தந்தால் அதைச் சம்பளத்தில் சேர்க்கணும்.

வேலை கற்றுக்கொள்வதற்கும் விலை உண்டு என்று நீ சொல்வாய். உண்டு. எந்த மணியில் கற்றுக்கொண்டாய் என்று நோட்டில் பக்கத்திலேயே ஒரு குறி போடு. ராத்திரி காலில் எத்தனை குறி விழுகிறது பார்ப்போம்.

நோட்டை முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரை லீட் விஷயத்தில் சரி என்றும் சொல்லாதே, வேண்டாம் என்றும் சொல்லாதே. அம்மா அரிசி முறுக்கு சுட்டிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் வரும் மாமாவிடம் கொடுத்துவிடுகிறோம். பத்து மணிக்கு மேல் போன் செய்வார், காலில் இருக்கிறேன் என்று கட் பண்ணிவிடாதே.

அன்புடன்,
அப்பா