ஈ மொய்க்கும் அந்தப் பக்கம்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய கட்டுரையை நேற்று இரவு இரண்டு முறை படித்தேன். மனம் கேட்கவில்லை. இன்று காலை உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்துக்குப் போய் நாஜிக்களின் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பிய தன் அப்பாவின் கதையை ஆர்ட் ஸ்பீகல்மேன் வரைந்த 'மவுஸ்' சித்திரக் கதையின் இரண்டாம் பாகத்தையே இரவல் எடுத்து வந்துவிட்டேன். அம்மா தூங்கப் போய்விட்டாள். சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

"படங்கள் சொற்களுக்கு வலுச் சேர்க்கின்றன" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். அந்த வரி எந்தச் சித்திரக் கதைக்கும் பொருந்தும். அதனால் இந்தப் புத்தகத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. நாளிதழில் முப்பது வருடம் பக்கம் வடிவமைத்தபோது நான் செய்த ஒன்றைச் செய்து பார். ஒரு காகிதத்தால் சொற்களை மறைத்துவிட்டு, தெரிவதை மட்டும் நோட்டில் எழுது. பிறகு படத்தை மறைத்துச் சொற்களை மட்டும் படி. கடைசியில் இரண்டையும் சேர்த்துப் பார்.

நீ எடுத்த அதே பக்கத்தில் செய்து பார்த்தேன். ஆஷ்விட்ஸ் பற்றிய இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கப் பக்கம் அது. மேலே நான்கு சிறு கட்டங்கள், கீழே ஒரு பெரிய கட்டம். சொற்களை மறைத்தால் மேலே இருக்கும் நான்கிலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான்: வரைபலகை முன் ஒருவர், அவரைச் சுற்றி ஈக்கள். புத்தகத்தில் மற்ற இடங்களில் யூதர்கள் எலிகளாகவே வருகிறார்கள். இங்கே அவர் மனிதர், எலி முகமூடியைக் கயிற்றால் கட்டியிருக்கிறார். நீ இந்தக் கயிற்றைக் கவனிக்கவில்லை.

இப்போது படத்தை மறைத்துக்கொள். ஸ்பீகல்மேன் தன் குரலில் சொல்வது இதுதான். அப்பா 1982 ஆகஸ்டில் இறந்தார், 1979 ஆகஸ்டில் அவரோடு தங்கியிருந்தோம். அப்பா 1944 வசந்தத்தில் ஆஷ்விட்ஸில் தகரவேலை தொடங்கினார், நான் இந்தப் பக்கத்தை 1987 பிப்ரவரி முடிவில் தொடங்கினேன். 1987 மே மாதத்தில் எங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, 1944 மே மாதத்தில் ஒன்பதே நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஹங்கேரிய யூதர்கள் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். நான்காவது கட்டத்தில், 1986 செப்டம்பரில் முதல் பாகம் வெளிவந்து வெற்றி பெற்ற செய்தி.

சொற்கள் இப்படி 1944க்கும் 1987க்கும் நடுவில் தாவிக்கொண்டே இருக்க, படத்தில் இருப்பவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இது சொற்களிலும் இல்லை, படத்திலும் இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்தால்தான் தெரிகிறது. உன் கட்டுரை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் கட்டத்தில் வரும் 'டைம் ஃப்ளைஸ்' என்பதை, காலம் ஓடுகிறது என்று மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டாய். 'ஃப்ளைஸ்' என்றால் ஈக்களும்தான். காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடியபோது இரண்டு பொருளும் பாட்டுக்குள்ளேயே இருந்தன. இங்கே ஒரு பொருள் எழுத்தில் இருக்கிறது, இன்னொன்று மையில் வரைந்த ஈயாக இருக்கிறது. தமிழில் 'காலம் பறக்கிறது' என்று பெயர்த்தால் அந்த ஈ தனித்துப் போய்விடும். அதை உன் கட்டுரையில் ஒரு வரி விளக்கிவிடு.

ஆனால் ஒன்று. முதல் கட்டத்தை வைத்தே ஈக்கள் சாவைக் குறிக்கின்றன என்று எழுதிவிடாதே. அங்கே அதற்குச் சான்று இல்லை. சான்று ஐந்தாவது கட்டத்தில்தான் வருகிறது. அதில் பார்வை பின்னால் நகர்கிறது, மேசையின் காலடியில் எலிமுக உடல்கள் குவிந்து கிடக்கின்றன, சன்னலுக்கு வெளியே முகாமின் காவல்கோபுரம். ஈக்கள் எதை மொய்க்க வந்தன என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. நான்கு கட்டங்கள் வரை அதை மறைத்து வைத்தது கட்டத்தின் எல்லைக்கோடு. நீ பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் விவரித்ததால் அந்தத் தாமதம் கட்டுரையில் காணாமல் போய்விட்டது. கட்டம் கட்டமாக, வரிசை மாறாமல் எழுது கண்ணு.

அதே பெரிய கட்டத்தில், எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வருகிறது: "ஷூட்" செய்யத் தயார் என்று. படம்பிடிக்கவா, சுடவா? சொல்லை மட்டும் கேட்டால் படப்பிடிப்புதான். கீழே கிடக்கும் உடல்களையும் கோபுரத்தையும் பார்த்தால் இன்னொன்றும் கேட்கிறது.

திருத்தி எழுதும்போது ஒவ்வொரு வரியையும் இப்படிச் சோதித்துப் பார். படத்தைப் பார்க்காத ஒருவர், சொற்களை மட்டும் படித்து இந்த வரியை எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் அந்த வரியை அடித்துவிடு. உன் இரண்டாம் பத்தியில் பாதி போய்விடும். போகட்டும், கயிற்றுக்கும் ஈக்கும் இடம் கிடைக்கும்.

அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பார். நிருபர்கள் வந்து கேள்வி கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் படிப்பதற்கு முன்னால், கால்களை எதன் மேல் வைத்து நிற்கிறார்கள் என்று பார்த்து எழுது. ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்கு வாசித்துக் காட்டு.

அன்புடன்,
அப்பா