சாட்சிப் பட்டியலில் என் பெயர்

அன்புள்ள மகளுக்கு,

விசாரணை அதிகாரி முன்னால் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று நீ ஒரு முறைகூடக் கேட்கவில்லை. நம் அலுவலர் மீது கொடுத்த புகாரின் கடைசிப் பக்கத்தில் சாட்சியாக என் பெயரை எழுதியதோடு நிறுத்திக்கொண்டாய். அதனால் நானே எழுதுகிறேன். ஊரையும் பெயர்களையும் விட்டுவிட்டேன்; நம்மைப் போல ஸ்டோர் சாவி வைத்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும்.

விடுதிகளுக்கான இரும்புக் கட்டில்களோடு லாரி வந்த அன்று நீ கருவூலத்துக்குப் போயிருந்தாய். என் முன்னால்தான் இறக்கினார்கள். எண்ணிப் பார்த்தேன், 40. டிரைவர் நீட்டிய டெலிவரி சலானிலும் 40 என்றுதான் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு பிரதியை வாங்கி வைத்தேன். மாலையில் நீ அலுவலர் அறைக்குப் போய்விட்டு வந்து, இருப்புப் பதிவேட்டில் 60 என்று ஏற்றினாய். மீதி 20 அடுத்த வாரம் வரும், மார்ச் முடிந்தால் நிதி திரும்பிப் போய்விடும் என்று அவர் சொன்னதாகப் புகாரில் எழுதியிருக்கிறாய். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளை, அலுவலரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வாய்?

அந்த 20 வரவில்லை. நீ மேலிடத்துக்கு எழுதினாய். பதிலுக்கு, அலுவலக ஒழுங்கை மீறியதாக உனக்கு ஒரு குறிப்பாணை வந்தது.

அலுவலர் என்னையும் கூப்பிட்டார். திட்டவில்லை, நாற்காலியில் உட்காரச் சொன்னார். "மே மாசம் ரிட்டயர்மென்ட் இல்லையா சார்? பென்ஷன் பேப்பர் எல்லாம் போயாச்சா?" என்றார், அவ்வளவுதான். அதற்கு என்ன பொருள் என்று நம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டோர் சாவி என்னிடம் இருக்கிறது. ஏதாவது ஒரு காரணம் சொல்லி 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்துவிட்டால், அது முடியும்வரை பணிக்கொடை கைக்கு வராது. தற்காலிக ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். வீட்டுக் கடனை அந்தப் பணிக்கொடையில்தான் அடைப்பதாக இருந்தோம். வீட்டில் சொன்னேன். "நீங்க எண்ணினது நாற்பதுதானே?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அந்தப் பில்லின் அலுவலக நகலை எடுத்துப் பார்த்தேன். சரக்கு முழுவதும் பெறப்பட்டு இருப்பில் ஏற்றப்பட்டது என்ற சான்றுக்குக் கீழே உன் கையெழுத்து. அவர் கையெழுத்து அந்தச் சான்றை ஏற்றுப் பணம் வழங்க அனுமதித்த இடத்தில் இருக்கிறது. குறிப்புக் கோப்பைப் புரட்டினேன். 60 என்று ஏற்றச் சொன்னதற்கு ஒரு வரி கிடையாது. வாயால் சொன்னது வாயோடு போயிற்று. இந்தக் காகிதங்களை மட்டும் படிக்கிற எவருக்கும், ஒரு இளநிலை உதவியாளர் பொய்ச் சான்று கொடுத்தார், அலுவலர் அதை நம்பிக் கையெழுத்திட்டார் என்றுதான் தோன்றும். 20 கட்டில்களின் விலையை உன் சம்பளத்திலிருந்து பிடிக்க உத்தரவு போடவும் விதியில் இடம் உண்டு. அந்தக் கதையை மாற்றக்கூடிய ஒரே காகிதம் என் அலமாரியில் இருக்கும் சலான். நான் அதைத் தராமல் இருந்தால் நடுநிலையாக இருந்ததாக ஆகாது, உன் தலையில் பாரத்தை ஏற்றியதாகத்தான் ஆகும். இதற்குப் பிறகு யோசிக்க எனக்கு எதுவும் இருக்கவில்லை.

சாட்சி சொல்ல வருகிறேன். ஆனால் என்ன சொல்வேன், என்ன சொல்ல மாட்டேன் என்று உனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். லாரி வந்த தேதி, நான் எண்ணியது, சலானில் போட்ட கையெழுத்து, அதற்குப் பிறகு வேறு லோடு எதற்கும் ஸ்டோரை நான் திறக்கவில்லை என்பது, இவை நான் கண்டதும் செய்ததும். அவர் அறையில் உன்னிடம் பேசியதை நான் கேட்கவில்லை. கேட்டேன் என்று சொல்லவும் மாட்டேன். அப்படி ஒரு வரி சேர்த்தால், குறுக்கு விசாரணையில் அவர் அதைத்தான் முதலில் பிடிப்பார். அது பொய் என்று தெரிந்துவிட்டால் 40 என்ற எண்ணிக்கையையும் யாரும் நம்ப மாட்டார்கள். நீ அறைக்குள் போனதையும், வெளியே வந்த கையோடு பதிவேட்டை எடுத்ததையும் பார்த்தேன். அதைச் சொல்வேன். அறையில் நடந்ததை நீதான் சொல்ல வேண்டும்.

சலானின் நகல்களை எடுத்துவிட்டேன். மூலத்தை விசாரணை அதிகாரியிடம் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்வேன். என் வாக்குமூலத்தை முழுக்கப் படித்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுவேன். நீயும் அப்படியே செய், அவசரப்படுத்தினாலும் விடாதே.

அப்புறம் ஒன்று, இதை நாளைக்கே செய்துவிடு. இருப்புப் பதிவேடு இன்னும் அலுவலர் பீரோவில்தான் இருக்கிறது. அதையும் குறிப்புக் கோப்பையும் உடனே வரவழைத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும்படி விசாரணை அதிகாரிக்கு ஒரு மனு எழுது. பதிவேட்டின் பக்க எண்ணையும் வரிசை எண்ணையும் மனுவிலேயே குறிப்பிடு. தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்.

அன்புடன்,
ஸ்டோர் சார்