மருத்துவருக்கு ஒரு பக்கம்: உங்கள் நாட்குறிப்பைத் தொகுப்பது குறித்து

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். மறதி நோயுள்ள உங்கள் தந்தையாருக்காக எழுதிவரும் நாட்குறிப்பிலிருந்து ஒரு வாரத்துப் பக்கங்களை அனுப்பி, இதை மருத்துவரிடம் எப்படிக் காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். முழுவதும் படித்தேன். மருத்துவருக்குத் தேவையான செய்தி அதில் இருக்கிறது; ஆனால் தூக்கம் ஒரு பக்கத்திலும் மாத்திரை வேறொரு பக்கத்திலுமாகச் சிதறிக் கிடப்பதால், சில நிமிடங்களே பார்க்கக்கூடிய ஒருவரின் கண்ணில் அது படாது.

முதலில் இரவுகளைச் சரிசெய்யுங்கள். நள்ளிரவுக்குப் பின் நடந்ததை மறுநாள் தேதியில் எழுதியிருக்கிறீர்கள். இதனால் ஒரே இரவு இரண்டு நாட்களாக உடைந்து, எந்த மாத்திரைக்குப் பின் எந்த விழிப்பு வந்தது என்பது மறைந்துவிடுகிறது. ஒரு நாளின் நண்பகலிலிருந்து மறுநாள் நண்பகல் வரையுள்ள தூக்கம் அனைத்தையும் முதல் நாளின் பெயரிலேயே எழுதுங்கள். ‘இரவெல்லாம் தூங்கவில்லை’ என்பதைவிட, ‘1.30க்கு எழுந்தார், 4 மணிக்கு மீண்டும் படுத்தார்’ என்பதே மருத்துவருக்குப் பயன்படும். பகல் தூக்கத்தையும் அதே வரிசையில் சேர்க்க வேண்டும்.

இப்படி மாற்றி அடுக்கியபோது உங்கள் வாரம் எனக்கு இவ்வாறு தெரிந்தது. திங்கள் இரவு 9 மணி வேளையிலிருந்து மறதி நோய்க்கான டொனெபெசில் மாத்திரை 5 மி.கி.யிலிருந்து 10 மி.கி.யாக உயர்ந்திருக்கிறது. ஞாயிறு இரவு நன்றாகத் தூங்கியவர், திங்கள், செவ்வாய், வெள்ளி, சனி ஆகிய நான்கு இரவுகளிலும் நடுவில் விழித்து, அறையில் யாரோ நிற்பதாகக் கூச்சலிட்டிருக்கிறார். செவ்வாய், புதன், சனி மாலைகளில் 5.30 மணியளவில் ‘வீட்டுக்குப் போக வேண்டும்’ என்று கதவைத் தட்டியிருக்கிறார். மூன்றுமே தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் வந்த மாலைகள். காலை உணவு செவ்வாய் முதல் பாதியாகக் குறைந்திருக்கிறது. இந்த மருந்து தூக்கத்தைக் கெடுக்கவும், அச்சமூட்டும் கனவுகளைத் தரவும், குமட்டலால் பசியைக் குறைக்கவும் கூடும் என்பது மருத்துவருக்குத் தெரியும். ஆனால் இவையெல்லாம் அளவு கூடிய இரவிலிருந்துதான் தொடங்கின என்பதை உங்கள் குறிப்பைத் தவிர வேறெதுவும் அவருக்குச் சொல்ல முடியாது. ஆகவே அளவு மாறிய நாளைத் தொகுப்பின் முதல் வரியாக எழுதுங்கள்.

புதன் இரவு அவர் மாத்திரையைத் துப்பிவிட்டதையும் அன்று விடியும்வரை தூங்கியதையும் குறித்துவிட்டு, ‘மாத்திரை போடாததால் தூங்கினார்’ என்று முடித்திருக்கிறீர்கள். அந்த ‘ஆல்’ மட்டும் வேண்டாம். டொனெபெசில் உடலிலிருந்து மெதுவாகவே நீங்குகிறது. பாதியளவு குறையவே ஏறத்தாழ 70 மணி நேரம் ஆகும். ஒரு வேளை தவறியதால்தான் அப்படி நடந்தது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. துப்பியதை ஒரு செய்தியாகவும் தூங்கியதை இன்னொரு செய்தியாகவும் அருகருகே வைத்தால் போதும். அதேபோல, வியாழன் இரவு குறிப்பு இல்லை. அந்த இடத்தில் ‘எழுதவில்லை’ என்று இருக்கட்டும். வெற்றிடமாக விட்டால் அமைதியான இரவு என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

சராசரி போடாதீர்கள். ‘வாரத்தில் சராசரியாக இத்தனை மணி நேரம் தூக்கம்’ என்று எழுதினால், கெட்ட நான்கு இரவுகளும் நல்ல இரவுகளுக்குள் கரைந்துவிடும். எத்தனை இரவுகளுக்குக் குறிப்பு உண்டு, அவற்றில் எத்தனை கெட்டன என்பதே தெளிவு: ‘ஆறில் நான்கு’. அமைதியின்மைக்கும் இதே முறைதான்; எத்தனை முறை, எந்த நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, சற்று முன் என்ன நடந்தது, எதைச் செய்தபோது அடங்கியது என்று எழுதினால், ‘மிகவும் தொல்லை’ என்ற சொல்லுக்கு இடமே இருக்காது. பசிக்கு ‘முழுவதும், பாதி, தொடவில்லை’ என்ற மூன்று அளவும், வாரம் ஒருமுறை அதே நாள் காலையில் பார்த்த எடையும் போதும். மலம் கழிக்காத நாட்களையும் ஒரு சொல்லில் சேருங்கள். மலச்சிக்கலின் வேதனையைச் சொல்லத் தெரியாதவர் அதைக் கோபமாகக் காட்டுவது உண்டு.

மருந்து வரிசையில் சீட்டில் உள்ளவை மட்டும் இருந்தால் போதாது. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் மாத்திரைகளில் சில, மறதி நோயாளியின் குழப்பத்தை அதிகமாக்கும். டொனெபெசிலின் வேலைக்கு எதிராகவும் செயல்படும். கொடுத்திருந்தால் பெயரையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

பக்கத்தின் கடைசியில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். இந்த வாரத்துக்கு அது, ‘இந்த மாத்திரையைக் காலையில் கொடுக்கலாமா, அல்லது அளவைக் குறைக்க வேண்டுமா?’ என்பதாக இருக்கலாம். பதில் வரும்வரை நீங்களாக நேரத்தையோ அளவையோ மாற்ற வேண்டாம். ஆனால் அவர் மயங்கி விழுந்தாலோ, நாடி மிக மெதுவாக இருந்தாலோ, காய்ச்சலுடன் திடீரென்று குழப்பம் கூடினாலோ, எழுப்ப முடியாத அளவுக்கு உறங்கினாலோ, வாரத் தொகுப்புக்குக் காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

அன்புடன்,
முதியோர் பராமரிப்பில் பணிபுரியும் ஒரு செவிலியர்