வாரக் கூட்டத்தின் நேரத்தை மாற்றப்போகும் குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வாரக் கூட்டத்தை வேறு நேரத்துக்கு மாற்ற நினைக்கும்போது பெரும்பாலான குழுக்களில் நடப்பது இதுதான். குழுவின் வாட்ஸ்அப்பில் மூன்று நேரங்களைப் போட்டு வாக்கெடுப்பு வைக்கிறீர்கள். அதிக வாக்கு விழுந்த நேரத்துக்கு அன்று மாலையே அழைப்பு போய்விடுகிறது. அந்த வாக்கெடுப்பைக் கைவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

வாக்கெடுப்பு விருப்பத்தை மட்டுமே எண்ணுகிறது. ஒரு நேரம் ஐந்து பேருக்குக் கொஞ்சம் வசதி, ஒருவருக்கு வரவே வழியில்லை என்றால், அந்த நேரம் ஐந்துக்கு ஒன்று என்று ஜெயித்துவிடும். அந்த ஒருவர் அதன்பின் ஒவ்வொரு வாரமும் கூட்டத்துக்கு வெளியே நிற்பார். இன்னொரு சிக்கலும் உண்டு. யார் எதற்கு வாக்களித்தார்கள் என்பது எல்லோர் கண்ணிலும் படுகிறது. தலைவர் முதலில் தொட்ட நேரத்தையே புதிதாகச் சேர்ந்தவர்களும் தொடுவார்கள். பிறகு உங்களுக்குக் கிடைப்பது எட்டுப் பேரின் பதில் அல்ல, உங்கள் பதிலின் எட்டுப் பிரதிகள்.

அதனால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ‘எந்த நேரம் பிடிக்கும்?’ என்று கேட்காதீர்கள். இப்படி எழுதலாம்: “கீழே உள்ள ஒவ்வொரு நேரத்துக்கும் சரி, சிரமம், முடியாது என்ற மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சிரமம் என்றால், எதை மாற்றினால் அது குறையும் என்று மட்டும் சொல்லுங்கள். முடியாது என்றால், அது எப்போதைக்குமா, குறிப்பிட்ட தேதி வரைக்குமா என்று சொல்லுங்கள்.” காரணம் வேண்டாம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் போவது, பிள்ளையை அழைத்துவருவது, வழிபாடு என்று சொல்லத் தயங்கும் காரணங்கள் பல. காரணம் கேட்டால், அவற்றைச் சொல்வதைவிடப் பேசாமல் ‘சரி’ போட்டுவிடுவது எளிது என்று தோன்றும். காலண்டரில் ஒருவருடைய நேரம் வெறுமையாக இருப்பதையும் நம்ப வேண்டாம். இந்த மாதிரிக் கடமைகளை யாரும் அலுவலகக் காலண்டரில் எழுதுவதில்லை.

எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவை வைத்துப் பார்ப்போம். கூட்டம் திங்கள் காலை 9:30 முதல் 10:30 வரை. முந்தைய வாரத்தின் கணக்கு திங்கள் நண்பகலுக்குப் பிறகுதான் தயாராகிறது. அதனால் கூட்டத்தில் பாதி நேரம் பழைய எண்களைப் பற்றியே பேச்சு. மாற்றக் காரணம் இது. காரணத்தைக் கேள்வியோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். எதற்காக மாற்றுகிறீர்கள் என்று தெரிந்தால்தான் மற்றவர்கள் தங்கள் சிரமத்தை எடைபோட முடியும்.

வந்த பதில்கள் இப்படி. செவ்வாய் காலை 10 மணிக்கு ஆறு பேர் சரி, ஒருவர் சிரமம், ஒருவர் முடியாது. வியாழன் 11 மணிக்கு நால்வர் சரி, இருவர் சிரமம், இருவர் முடியாது. புதன் பிற்பகல் 2:30க்கு ஐவர் சரி, மூவர் சிரமம், முடியாது என்றவர் யாருமில்லை. வாக்கெடுப்பு வைத்திருந்தால் செவ்வாய் ஜெயித்திருக்கும். எடுக்க வேண்டியது புதன். ‘முடியாது’ என்பதைப் பேசிக் கரைக்க முடியாது, கரைக்கப் பார்ப்பதும் முறையல்ல. சிரமத்தைப் பெரும்பாலும் குறைத்துவிடலாம்.

இனி அந்த மூவரோடும் பேச வேண்டும். உண்மையான வேலை இங்கேதான். ஒருவருக்கு வாடிக்கையாளர் அழைப்பு ஒன்று 2:40 வரை இழுத்துவிடுகிறது. இன்னொருவர் பகுதி நேரமாக வேலை செய்பவர், 3:30க்குக் கிளம்பியாக வேண்டும். கூட்டத்தை 2:45க்குத் தொடங்கி 3:30க்கு முடித்தால் இருவருக்கும் வழி பிறக்கிறது. இதற்கு 15 நிமிடம் விலை. அவரவர் வேலை நிலவரத்தைச் சுற்றிவந்து சொல்லும் பகுதியை எடுத்துவிட்டு, அதைப் புதன் காலையிலேயே எழுதி அனுப்பச் சொன்னால் அந்த 15 நிமிடம் கிடைத்துவிடும். மூன்றாமவருக்குப் பிற்பகல்தான் இடையூறில்லாமல் உட்கார்ந்து வேலை பார்க்கும் நேரம். இதற்கு முழுத் தீர்வு இல்லை. ‘இல்லை’ என்பதை அவரிடம் நேராகச் சொல்லிவிட்டு, புதன் பிற்பகலில் வேறெந்தக் கூட்டமும் வைக்காமல் இருந்தால் ஆறு வாரம் சமாளிக்க முடியுமா என்று கேட்கலாம். அந்த நிபந்தனைக்கு அவர் ஒத்துக்கொண்டால் அது சம்மதம். அவருக்கும் இது பிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

எல்லா நேரத்துக்கும் யாராவது ‘முடியாது’ என்கிறார்களா? அப்படியானால் இரண்டு நேரங்களை வாரம் விட்டு வாரம் மாற்றி வையுங்கள். எப்போதும் ஒரே ஆள் இழப்பைச் சுமக்காமலாவது இருக்கும்.

மௌனம் சம்மதம் என்பார்கள். கூட்ட நேரத்தில் அது பொருந்தாது. பதில் வராதவர் பெரும்பாலும் விடுப்பில் இருப்பார், அல்லது சொல்லத் தயங்குவார். எட்டுப் பதிலும் கைக்கு வரும்வரை அழைப்பை அனுப்ப வேண்டாம். இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் நேரில் கேளுங்கள், அல்லது போன் செய்யுங்கள். மாற்றம் நடைமுறைக்கு வர இரண்டு வாரமாவது அவகாசம் கொடுங்கள். வீட்டு ஏற்பாடுகளை மாற்றுவதற்கு அவ்வளவு தேவைப்படும்.

அடுத்தது, பழைய நேரத்தோடு என்னென்ன பிணைந்திருக்கிறது என்பது. திங்கள் கூட்டத்தின் முடிவுகளை நம்பிச் செவ்வாயன்று வேலை தொடங்கும் வேறு குழு இருக்கலாம். அவர்களுக்கு இனி இரண்டு நாள் தாமதம். அவர்கள் உங்கள் அழைப்புப் பட்டியலில் இல்லாததால், மாறிய பிறகுதான் விஷயம் அவர்களுக்குத் தெரியவரும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காலண்டர் வேலையில் இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. கூகுள் காலண்டரில் தொடர் கூட்டத்தை மாற்றும்போது “This and following events” என்பதைத் தேர்ந்தெடுங்கள். “All events” என்று கொடுத்தால் நடந்து முடிந்த கூட்டங்களும் புதிய நேரத்துக்கு நகர்ந்துவிடும், பழைய பதிவு குழம்பும். அவுட்லுக்கில் பழைய தொடருக்கு முடிவுத் தேதி போட்டு அனுப்பிவிட்டு, புதிய தொடரைத் தனியாகத் தொடங்குவதே பாதுகாப்பானது. கூட்ட அறை இருந்தால் அதன் ஒப்புதலைத் தேதிவாரியாகப் பாருங்கள். நான்கு வாரத்துக்குக் கிடைத்து, ஐந்தாவது வாரம் மறுக்கப்பட்டிருக்கலாம். பழைய திங்கள் அறையை விடுவிக்கவும் மறக்க வேண்டாம்.

புதிய நேரம் ஒத்துவருகிறதா என்பதை வருகையே காட்டும். ஒரே ஆள் இரண்டு முறைக்கு மேல் தாமதமாக வந்தால், அல்லது முன்பு பேசியவர் இப்போது கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால், அவருடைய ‘சரி’ உண்மையில் ‘சிரமம்’ ஆக இருந்திருக்கலாம். கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புதிய தொடருக்கு ஆறாவது வாரத்திலேயே முடிவுத் தேதி போடுங்கள். ஐந்தாவது வாரம் அதே மூன்று சொற்களில் மறுபடியும் கேட்டு, பதில்களைப் பார்த்த பிறகு நீட்டுங்கள். யாரும் கேட்க நினைவு வைக்கவில்லை என்றால் கூட்டம் தானாக நின்றுவிடும், அப்போது கேட்டே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
குழுக்களின் கூட்ட அட்டவணையை ஒழுங்கு செய்பவர்கள்