முப்பத்தேழாம் எண்ணுக்குப் பெயர் தந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 1988 மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய ‘அ’ பிரிவின் சந்திப்பு மலர் போன வாரம் அச்சுக்குப் போய்விட்டது. அதில் இரண்டு வகுப்புப் படங்கள் இருக்கின்றன. ஒன்று ஒன்பதாவதில் எடுத்தது. இன்னொன்று பத்தாவதில், பிரிவு உபசார விழா அன்று எடுத்தது. பத்தாவது படத்தில் ஆசிரியர்களோடு சேர்த்து 51 முகங்கள். அவற்றில் 49 முகங்களுக்குப் பெயர் போட முடிந்தது. அதற்குக் காரணமானவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். பொதுவில் எழுதுவதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி, பத்தாவது படத்தை ஜவுளிக்கடைப் பைக்குள் சுற்றி, பீரோவில் புடவைகளுக்கு அடியில் இத்தனை வருடமும் காப்பாற்றி வைத்திருந்த தோழிக்கு. படம் பத்து அங்குல அகலம்தான். ஒவ்வொரு முகமும் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து ஏ3 தாளில் பெரிதாக்கினோம். மேலே டிரேசிங் பேப்பரை வைத்து, ஒவ்வொரு தலையையும் கோட்டுருவமாக வரைந்து, தரையில் உட்கார்ந்தவர்களிலிருந்து பெஞ்சு மேல் நின்றவர்கள் வரை 1 முதல் 51 வரை எண் போட்டோம். படத்தின் மேல் பேனா படவே இல்லை. அதன்பிறகு “கடைசி வரிசையில் இடது பக்கம்” என்று யாரும் பேசக்கூடாது, எண்ணை மட்டுமே சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இடது என்றால் பார்ப்பவருக்கு இடதா, படத்தில் நிற்பவருக்கு இடதா என்பதிலேயே ஒரு வாரம் போயிருந்தது.

அடுத்து நான் ஒரு தப்பு செய்தேன். படத்தை வாட்ஸப் குழுவில் போட்டு, “யார் யார் என்று சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டேன். ஒருவர் 22-க்கு ஒரு பெயர் சொன்னார். பின்னாலேயே ஒன்பது பேர் “ஆமாம், ஆமாம்” என்றார்கள். மறுநாள் முதலில் சொன்னவரே போன் செய்து, “இல்லப்பா, அது வேற பொண்ணு” என்றார். ஆனால் அந்த ஒன்பது பேரும் மாறவில்லை. அவர்களுக்கு அதற்குள் அந்தப் பெயர் சொந்த ஞாபகமாகவே ஆகிவிட்டிருந்தது. அதன்பிறகு எண் மட்டும் போட்ட வெற்றுத்தாளைத் தனித்தனியாக அனுப்பினோம். ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு பேர் ஒரே பெயரைச் சொல்லி, அந்தப் பெயர் பள்ளிப் பதிவேட்டிலும் இருந்தால் பேனாவில் எழுதினோம். மற்றதெல்லாம் பென்சில். பொறுமையாக அந்தத் தாளை நிரப்பி அனுப்பிய 23 பேருக்கும் நன்றி. தெரியாத இடத்தைத் தெரியாது என்று விட்டு வைத்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக.

ஒன்பதாவது படத்தின் பிரதி எதுவும் மிஞ்சவில்லை. ஒரு தோழியிடம் இருந்ததைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் வரிசைப்படி யார் யார் என்று 1987-லேயே அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நெகடிவ் ஒரு பழைய ஸ்டுடியோவில் கிடைத்தது. ஸ்கேன் செய்து நோட்டோடு ஒப்பிட்டால் எதுவும் பொருந்தவில்லை. இடமிருந்து மூன்றாவதாக இருக்க வேண்டிய பெண் வலமிருந்து மூன்றாவதாக இருந்தார். நோட்டுதான் தப்பு என்று முடிவு கட்டிவிட்டோம்.

அப்போதுதான், இப்போது தையல் கடை வைத்திருக்கும் நம் வகுப்பு நண்பர் படத்தைக் கையில் வாங்கினார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “எல்லாப் பயலுக்கும் பாக்கெட் வலது பக்கம் இருக்கே, எப்படி?” என்றார். ஆண்கள் சட்டையில் பாக்கெட் இடது மார்பில்தான் வரும். பொத்தான் பட்டியும் மாறி இருந்தது. நெகடிவின் பளபளப்புப் பக்கத்தையும் மங்கல் பக்கத்தையும் மாற்றி வைத்து ஸ்கேன் செய்ததில் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிட்டது. படத்தில் சிலேட்டோ எழுத்தோ இருந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். திருப்பிப் போட்டதும் நோட்டில் இருந்த ஒவ்வொரு பெயரும் அதனதன் முகத்தில் போய் உட்கார்ந்தது. முப்பது வருடம் சட்டை தைத்த கண்ணுக்கு என் வணக்கம்.

இப்போது 37-ஆம் எண். பத்தாவது படத்தில், நிற்கும் வரிசையில், கடைசிக்கு முந்தைய பையன். தாள் அனுப்பியவர்களில் ஐந்து பேர் ஒரே பெயரை எழுதியிருந்தார்கள். எங்கள் கணக்குப்படி பேனாவில் எழுதியிருக்கலாம். பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துச் சொன்ன உதவியாளர்தான் தடுத்தார். அந்தப் பையன் ஒன்பதாவது முடிந்ததும் 1987 ஜூனிலேயே டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டான். படம் எடுத்தது 1988 பிப்ரவரியில். அப்படியானால் நிற்பது யார்?

அவரே பக்கத்தைத் திருப்பி, அதே ஜூனில் பத்தாவதில் புதிதாகச் சேர்ந்தவர்கள் யார் என்று பார்த்தார். ஒரே ஒருவன். பாதுகாவலர் என்ற இடத்தில், டிசி வாங்கிப் போனவனுடைய அப்பாவின் பெயர். வீட்டு முகவரியும் அதேதான். சித்தப்பா மகன். ஒரே ஜாடை. புதிதாகச் சேர்ந்தவனுடைய டிசி அடிக்கட்டையில் அங்க அடையாளமாக “இடது புருவத்தின் மேல் தழும்பு” என்று எழுதியிருந்தது. ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மெல்லிய வெள்ளைக் கோடு, புருவத்துக்கு மேலே, சரியாக அங்கேயே இருந்தது. இடது, வலது குழப்பம் வரக்கூடாது என்று முதலில் பாக்கெட் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன்.

பதிவேடுகளில் சாதியும் குடும்ப விவரங்களும் இருக்கும். அதனால் எங்களிடம் கொடுக்காமல், பெயரையும் வருடத்தையும் கேட்டதற்கு மட்டும் வாசித்துச் சொல்ல ஏற்பாடு செய்த தலைமை ஆசிரியை அவர்களுக்கு நன்றி. அதுதான் சரி.

ஒரே ஒரு வருடம் படித்ததால் அந்த 37-ஆம் எண்காரர் எங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அழைப்பும் போகவில்லை. திருப்பூரில் இருக்கிறார் என்று அண்ணன் வழியாகத் தெரிந்து போன் செய்தேன். படத்தை அனுப்பியதும் அவர் முதலில் கேட்டது தன்னைப் பற்றி அல்ல. “பக்கத்துல நிக்கிறவன் பேரைச் சரியாப் போட்டுட்டீங்களா? நானும் அவனும் ஒரே பெஞ்சு” என்றார். 38-ஐ நாங்கள் பென்சிலில்தான் வைத்திருந்தோம். பேனா அவர் கையால் வந்தது.

பெண்களுக்கு அன்றைய இனிஷியலோடுதான் பெயர் போட்டிருக்கிறோம். கல்யாணத்துக்குப் பின் மாறிய இனிஷியலைக் கேட்டவர்களுக்கு மட்டும் அடியில் சேர்த்திருக்கிறோம். பட்டப்பெயர் யாருக்கும் போடவில்லை. ஆளைக் கண்டுபிடிக்க அவை ரொம்ப உதவின, ஆனால் சிலருக்கு அவை இன்னும் வலிக்கின்றன.

பெயர் தெரியாமல் இருப்பது 5-உம் 44-உம். தரையில் உட்கார்ந்து வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்திருக்கும் பெண் ஒருவர். பெஞ்சு மேல் கண்ணை மூடிவிட்ட பையன் ஒருவன். மலரில் அந்த இரண்டு இடத்திலும் எண் மட்டும் இருக்கும். சந்திப்பு அன்று வாசல் மேசையில் ஏ3 படத்தையும் டிரேசிங் பேப்பரையும் பென்சிலோடு வைக்கிறோம். தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
1988 ‘அ’ பிரிவு, மலர் வேலை பார்த்தவர்கள் சார்பில்